கீசர் குமிழ் எங்கே நிற்க வேண்டும்?

வெந்நீர் பட்டுத் தோல் வெந்துபோவதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தண்ணீரின் சூடு. மற்றொன்று, அது தோலின் மேல் நிற்கும் நேரம். சூடு கூடக் கூட, காயம் உண்டாகத் தேவையான நேரம் மளமளவென்று குறைந்துவிடும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தக் கணக்குக்கு இன்றும் அடிப்படை. பன்றித் தோலிலும், முன்வந்த மனிதர்களின் தோலிலும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 44 டிகிரி செல்சியஸில் தோல் வேக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆனது. 49 டிகிரியில் அது 5 முதல் 10 நிமிடமாகக் குறைந்தது. 55 டிகிரியை நெருங்கும்போது அரை நிமிடம் போதும். 60 டிகிரியில் ஐந்து வினாடி, 70 டிகிரியில் ஒரு வினாடி.

இவை ஆரோக்கியமான பெரியவர்களின் தோலுக்கான கணக்கு. குழந்தைகளின் தோல் மெல்லியது. அதே சூட்டில் அவர்களுக்கு இன்னும் குறைந்த நேரத்திலேயே ஆழமான காயம் ஏற்படும். முதியவர்களின் தோலும் மெலிந்திருக்கும். சூடு என்று உணர்ந்து விலகுவதற்கும் அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கால் வெந்துகொண்டிருப்பதே தெரியாமல் அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். கொப்புளம் எழும்பிய பிறகுதான் விஷயம் தெரியவரும்.

குளிக்க இதமான சூடு 38 முதல் 40 டிகிரி. நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் சேமிப்பு கீசர்களில் பலவற்றின் குமிழ் 75 டிகிரி வரை திரும்பும். குளிப்பவருக்குத் தேவையான சூட்டுக்கும் தொட்டியில் நிற்கும் சூட்டுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. கை தவறினாலோ கால் வழுக்கினாலோ விலகிக்கொள்ள எத்தனை வினாடி கிடைக்கும் என்பதைக் குமிழின் நிலைதான் முடிவுசெய்கிறது.

விபத்து நடக்கும் விதம்

குளியலறை வெந்நீர்க் காயங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் நேர்கின்றன.

முதலாவது, வாளி. வெந்நீர்க் குழாயை முதலில் திறந்து, வாளி பாதி நிறைந்ததும் பச்சைத்தண்ணீர் விட்டு விளாவுவது பல வீடுகளில் பழக்கம். அந்த இடைப்பட்ட இரண்டு மூன்று நிமிடம், தரையில் பத்து லிட்டர் கொதிநீர் மூடியில்லாமல் இருக்கிறது. போன் ஒலிக்கிறது என்று பெரியவர் வெளியே போகும் நேரத்தில், தவழும் குழந்தையோ தத்தித் தத்தி நடக்கும் குழந்தையோ வாளியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றால் வாளி சாயும், அல்லது குழந்தையின் கை உள்ளே போகும்.

இரண்டாவது, ஷவர். வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்சரில், கலவை இரு பக்கத்து அழுத்தத்தையும் பொறுத்தது. மேல்மாடித் தொட்டியிலிருந்து வரும் ஒரே குழாய் குளியலறைத் தண்ணீருக்கும் கழிவறை ஃபிளஷுக்கும் போகும் வீடுகளில், யாராவது ஃபிளஷ் செய்ததும் தண்ணீர்ப் பக்கத்து அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். வெந்நீர்ப் பக்கம் அதே அளவில் வந்துகொண்டிருப்பதால், 40 டிகிரியில் விழுந்துகொண்டிருந்த நீர் சில நொடியில் கொதிநீராக மாறும். சோப்பு போட்டுக் கண்ணை மூடியிருப்பவர் குழாயைத் தேடுவதற்குள் நான்கைந்து வினாடி ஓடிவிடும். கீசர் 60 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த நான்கைந்து வினாடியே அதிகம்.

மூன்றாவது, ஒற்றைக் கைப்பிடி மிக்சர். முன்பு குளித்தவர் கைப்பிடியை வெந்நீர்ப் பக்கம் திருப்பிய நிலையிலேயே மூடிவிட்டுப் போயிருப்பார். அடுத்து உள்ளே வரும் குழந்தை அதைத் தூக்கினால் போதும். குழாயில் தங்கியிருந்த ஆறிய நீர் முதலில் வருவதால், குழந்தை அச்சமில்லாமல் கையை நீட்டும். பின்னால்தான் கீசரின் நீர் வந்து சேரும்.

மூன்று இடத்திலும் மனிதக் கவனக்குறைவு உண்டு. அதை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் தொட்டி நீர் 50 டிகிரியில் இருந்தால் கையை இழுத்துக்கொள்ளவும் குழந்தையைத் தூக்கவும் நேரம் கிடைக்கும். 70 டிகிரியில் கிடைக்காது.

சியாட்டில் கண்ட வழி

இதை ஒரு ஊர் முழுக்கச் சோதித்துப் பார்த்த அனுபவம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உண்டு. 1977-ல் அங்குள்ள சியாட்டில் நகர வீடுகளில் குழாய் நீரை அளந்தபோது, 80 சதவீத வீடுகளில் அது 54 டிகிரியைத் தாண்டியிருந்தது. குழந்தைகள் வெந்நீர்க் காயத்தோடு மருத்துவமனைக்கு வருவது அங்கே தொடர்கதையாக இருந்தது. கவனமாக இருங்கள் என்று பெற்றோரிடம் சொல்வதோடு நிற்காமல், 1983-ல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வீடுகளுக்கான புதிய நீர்ச் சூடேற்றிகள் 49 டிகிரியில் அமைக்கப்பட்டே வரவேண்டும் என்றது அது.

ஐந்தாண்டுகள் கழித்து மறுபடி அளந்தபோது 77 சதவீத வீடுகளில் சூடு 54 டிகிரிக்குக் கீழே இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு குமிழைக் கூட்டிவைத்தவர்கள் சிலரே. குழாய் வெந்நீரால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது; காயங்களின் கடுமையும் குறைந்தது. மக்கள் பொதுவாகக் குமிழைத் தொடுவதில்லை, அது எந்த நிலையில் வீட்டுக்கு வந்ததோ அந்த நிலையிலேயே நிற்கிறது என்பதை இந்த அனுபவம் காட்டியது. நம் ஊரிலும் அப்படித்தான். மாட்டிய நாளில் மெக்கானிக் திருப்பிவைத்த இடத்திலேயே பத்து வருடம் நிற்கும் குமிழ்கள் ஏராளம்.

மிகவும் குறைத்துவிட்டால்?

அப்படியானால் நேராக 40 டிகிரியிலேயே கீசரை வைத்துவிடலாமே என்று தோன்றும். அதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோது அடையாளம் காணப்பட்டது இது. குடிப்பதால் பொதுவாக இது தொற்றுவதில்லை. ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளை மூச்சோடு இழுக்கும்போது நுரையீரலுக்குப் போகிறது. முதியவர்கள், புகைபிடிப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் நீர் இதற்கு உகந்த இடம். 25 முதல் 45 டிகிரி வரை நன்றாகப் பெருகும். 50 டிகிரியில் பெருக்கம் நின்றுவிடும். 60 டிகிரியில் நிமிடக் கணக்கில் சாகத் தொடங்கும். அதனால்தான் மருத்துவமனை, விடுதி போன்ற இடங்களின் பெரிய தொட்டிகளில் நீரை 60 டிகிரியில் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

மற்றொன்று, அளவு. கீசரில் சூடு குறைந்தால் விளாவ இடமிருக்காது. தொட்டி நீர் 40 டிகிரி என்றால், 15 லிட்டர் கீசர் 15 லிட்டர் குளியல் நீரைக்கூட முழுதாகத் தராது; வெந்நீர் வெளியேறும்போதே அடியில் பச்சைத்தண்ணீர் புகுந்து கலந்துவிடும்.

ஆக, கீழே பாக்டீரியாவும் பற்றாக்குறையும், மேலே கொப்புளமும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவுதான் 50 டிகிரி. ஆஸ்திரேலியாவின் பிளம்பிங் விதிகள் குளியலறைக் குழாயில் வரும் வெந்நீருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பும் இதுதான்.

சென்னையில் ஒரு கணக்கு

இந்த 50 டிகிரி ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மார்கழிக் காலைச் சென்னையில் மேல்தொட்டித் தண்ணீர் 26 டிகிரி என்று கொள்வோம். கீசர் 15 லிட்டர், 2,000 வாட். குளிக்க 20 லிட்டர் வாளி ஒன்று, 40 டிகிரியில் வேண்டும்.

கீசர் 75 டிகிரியில் இருந்தால், வாளிக்கு வெந்நீர் 6 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், மீதி தண்ணீராகவும் விளாவ வேண்டும். 60 டிகிரியில் 8 லிட்டர் வெந்நீர் வேண்டும். 50 டிகிரியில் ஏறக்குறைய 12 லிட்டர். அதாவது குமிழை 50-ல் வைத்தாலும் 15 லிட்டர் கீசர் ஒரு முழு வாளியைத் தாராளமாகத் தந்துவிடுகிறது. தொட்டியை முதன்முதலில் 26-லிருந்து 50-க்குக் கொண்டுவர 12, 13 நிமிடம் போதும். 75-க்குக் கொண்டுபோக 25 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டில் இதன் விலை என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் இடையே சுமார் பத்து நிமிடக் காத்திருப்பு. ஒருவர் குளித்து, துவட்டி, வெளியே வருவதற்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட அதுவே. மின்சாரத்திலும் இழப்பில்லை. ஒரு வாளிக் குளியலுக்குத் தேவையான வெப்பம் எப்படி விளாவினாலும் ஒன்றுதான். ஆனால் தொட்டி அதிகச் சூட்டில் சும்மா நிற்கும்போது சுவர் வழியாகக் கசியும் வெப்பம் அதிகம். குமிழைக் குறைத்தால் அந்தக் கசிவு குறையும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. உதகமண்டலத்தில் குளிர்காலக் காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்றால், அதே 20 லிட்டர் வாளிக்கு 50 டிகிரி வெந்நீர் 15 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் கீசர் ஒரு வாளிக்கே திணறும். அங்கே சரியான தீர்வு 25 லிட்டர் கீசர். சிறிய கீசரை வாங்கிவிட்டு, போதவில்லை என்று குமிழை 75-க்குத் திருப்புவதுதான் பல வீடுகளில் ஆபத்து நுழையும் வழி.

அளந்து வைப்பது எப்படி

குமிழில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சில கீசர்களில் எண்ணே இருக்காது. குறைவு, அதிகம் என்று கோடுகள் மட்டும் இருக்கும். எண் இருந்தாலும், தெர்மோஸ்டாட் ஒரு குறிப்பிட்ட சூட்டில் மின்சாரத்தை நிறுத்தி, சில டிகிரி இறங்கிய பிறகே மறுபடி கொடுக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பு நாளடைவில் தெர்மோஸ்டாட் இருக்கும் குழலின் மேல் படிந்தால், அது தண்ணீரின் உண்மையான சூட்டைத் தாமதமாகவே உணரும். குழாயில் வரும் நீரை அளப்பது ஒன்றே நம்பகமான வழி.

அதற்குச் சமையலுக்கான கம்பி வடிவ டிஜிட்டல் வெப்பமானி போதும். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் அளவு 42 டிகிரியோடு முடிகிறது, வெந்நீரில் அது உடையும்.

கீசரை இயக்கி, விளக்கு தானாக அணையும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து, குழாயில் தங்கியிருந்த ஆறிய நீர் போகும்வரை அரை நிமிடம் ஓடவிட்டு, ஒரு குவளையில் பிடித்து உடனே வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும். 50-க்கு மேல் காட்டினால் குமிழைக் கொஞ்சம் குறைத்து, தொட்டி நீரை வெளியேற்றி, புதிதாகச் சூடேற்றி மறுபடி அளக்க வேண்டும். இரண்டு மூன்று முறையில் இடம் அமைந்துவிடும். அந்த இடத்தில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், பிற்பாடு யாராவது திருப்பினாலும் தெரியும்.

சில மாடல்களில் குமிழ் வெளியே தெரியாது; கீழ் மூடியைக் கழற்றினால்தான் தெர்மோஸ்டாட்டின் திருகு இருக்கும். அதை வீட்டுக்காரர் தொடக் கூடாது. எம்.சி.பி.யை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுவதே சரி.

வெளியூர் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பும்போது மட்டும் ஒரு விதிவிலக்கு. தொட்டியில் தேங்கிய நீரை ஒருமுறை 60 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அரை மணி நேரம் அப்படியே வைத்து, குழாயை மெல்லத் திறந்து முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அந்த நேரத்தில் குளியலறையில் யாரும் நிற்கக் கூடாது. பிறகு குமிழைப் பழைய புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும்.

கலவை வால்வு

குமிழைக் குறைக்காமலே பாதுகாப்புப் பெற ஒரு கருவி உண்டு. அதன் பெயர் தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வு. வெந்நீரும் தண்ணீரும் இதற்குள் நுழைந்து கலந்து, குறித்துவைத்த சூட்டில் வெளியே வரும். உள்ளே இருக்கும் மெழுகு நிரப்பிய சிறு உறுப்பு சூட்டுக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் இரு வாயில்களையும் சரிசெய்கிறது. தண்ணீர்ப் பக்கம் நின்றுபோனால் வெந்நீரையும் சேர்த்து அடைத்துவிடும். இதைப் பொருத்தினால் கீசரை 60 டிகிரியில் வைத்து, ஷவரில் 40 டிகிரி மட்டும் வரச்செய்யலாம். பாக்டீரியா, பற்றாக்குறை, கொப்புளம் மூன்றுக்கும் ஒரே பதில் இது.

ஆனால் வாங்குமுன் கேட்க வேண்டியவை உண்டு. பல வால்வுகள் நல்ல அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. மேல்தொட்டிக்கு நேர்கீழே உள்ள மாடியில் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அங்கே அவை சரியாக வேலை செய்யாமல் போகலாம். உப்புநீர் உள்ள வீடுகளில் வடிகட்டியும் உட்பகுதியும் அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்து, வெளிவரும் சூட்டை அளந்து பார்க்க வேண்டும். பராமரிப்பு இல்லாத வால்வை நம்பிக் கீசரை 60-ல் வைப்பதைவிட, வால்வே இல்லாமல் 50-ல் வைப்பது மேல்.

கீசர் தரும் எச்சரிக்கை

தெர்மோஸ்டாட் பழுதானால் குமிழ் எங்கே இருந்தாலும் பயனில்லை. விளக்கு அரை மணி நேரத்துக்கு மேலும் அணையாமல் எரிவது, குழாயைத் திறந்ததும் நீர் ஆவியோடு சீறிக்கொண்டு தெறிப்பது, தொட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். சூடேறும்போது கீழே உள்ள பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டு வடிவது இயல்பு. சூடான நீர் தொடர்ந்து கொட்டினால் இயல்பல்ல. தெர்மோஸ்டாட் கைவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்க, தெர்மல் கட்-அவுட் என்ற இரண்டாவது காவல் உள்ளே உண்டு. அது ஒருமுறை துண்டித்த பிறகு காரணம் தேடாமல் பொத்தானை அழுத்தி அழுத்தி ஓட்டுவதும், அதை நீக்கிவிட்டு நேரடியாக வயர் கொடுப்பதும் கடைசிக் காவலையும் கழற்றுவதாகும். இத்தகைய அறிகுறி தெரிந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

குமிழ் சரியாக இருந்தாலும் சில பழக்கங்கள் கூடவே வேண்டும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். குளித்து முடித்ததும் மிக்சர் கைப்பிடியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவைத்து மூட வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் முன் விளாவிய நீரை ஒருமுறை கலக்கிவிட்டு முழங்கையால் பார்க்க வேண்டும்; வேலை செய்து பழகிய உள்ளங்கைக்கு இதமாகத் தோன்றும் நீர் குழந்தைக்குச் சுடும்.

வெந்நீர் கொட்டிவிட்டால் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுவது. நனைந்த உடையையும் வளையல், மோதிரத்தையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கக் கூடாது. ஐஸ், பற்பசை, மை, மாவு எதையும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குழந்தை என்றாலோ, காயம் முகத்திலோ கையிலோ மறைவிடத்திலோ என்றாலோ, பரப்பு உள்ளங்கையைவிடப் பெரிது என்றாலோ தாமதிக்கவே கூடாது.

குழந்தையோ முதியவரோ சர்க்கரை நோயாளியோ உள்ள வீட்டில், கலவை வால்வு இல்லாத குளியலறைக் குழாயில் வரும் வெந்நீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. போதவில்லை என்றால் பெரிய கீசர் வாங்க வேண்டும். குமிழைத் திருப்பக் கூடாது.